தம்பியைப் பற்றி எழுதும்போது: சின்ன வயதில் வீட்டார் சூட்டிய பட்டங்களோடு வாழும் உடன்பிறப்பு உறவைக் கட்டுரையாக்க ஒரு வழிகாட்டி

என் தம்பிக்கு 43 வயது. எனக்கு 47. அவனைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை இப்படித் தொடங்கியது: "சின்ன வயதிலிருந்தே அவன் எதையாவது தொலைத்துக்கொண்டே இருப்பான்; தேடிக் கொடுப்பது என் வேலை." எழுதி முடித்தபோது நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் படித்தபோது மனது ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் 35 வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே வாக்கியத்தை நான் நான்கு பக்கத்துக்கு நீட்டியிருந்தேன், அவ்வளவுதான். அதில் தம்பி இல்லை, அவனுக்கு வைத்த பட்டம்தான் இருந்தது.

அந்தக் கட்டுரையை ஐந்து முறை திருத்தி எழுதினேன். எங்கள் எழுத்துக் குழுவில் மற்றவர்கள் அக்கா, அண்ணன், தங்கை பற்றி எழுதிய வரைவுகளையும் பல வருடமாகப் படித்து வருகிறேன். ஏறக்குறைய எல்லா வரைவுகளும் ஒரே இடத்தில்தான் சிக்குகின்றன. எழுதுபவர் பட்டத்தை ஆராயாமல், அதற்குச் சாட்சி சேர்க்கிறார். அதிலிருந்து வெளியே வந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு உடன்பிறப்பு, ஒரு ஜோடிப் பட்டம், 1500 முதல் 2500 சொல் வரையிலான ஒரு சொந்த அனுபவக் கட்டுரை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இன்றைய காட்சி ஒன்றைப் பிடிப்பது

சின்ன வயதிலிருந்து தொடங்க வேண்டாம். பட்டம் சின்ன வயதில் வந்திருக்கலாம், ஆனால் கட்டுரை எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் அது இன்னும் வேலை செய்கிறது என்பது. அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த கடைசி இடம் எது? அங்கிருந்து தொடங்குங்கள்.

தேடுவதற்கு எனக்குப் பலன் தந்த முறை இது. கடைசியாக நீங்கள் இருவரும் சந்தித்த மூன்று முறைகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும், நண்பரிடமோ கூட வேலை செய்பவரிடமோ ஒருபோதும் செய்யாத ஒன்றை உடன்பிறந்தவரிடம் மட்டும் எப்போது செய்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். குரல் உயர்ந்தது, பேச்சு நின்றது, யாரும் கேட்காமலேயே எழுந்து வேலையை எடுத்துப் போட்டுக்கொண்டது என்று எதுவாகவும் இருக்கலாம். பெரிய சண்டையை எடுக்காமல் இருப்பது நல்லது. சண்டையில் இருவருக்கும் சொல்லத் தயாராக வாதங்கள் இருக்கும். பட்டம் அந்த வாதங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். யாருமே கவனிக்காத ஐந்து நிமிடத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

எனக்குக் கிடைத்த காட்சி இது. அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவருடைய பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் இருந்த கோப்பு என் மடியில். வண்டி நின்றது. அப்பாவை இறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். தம்பி கோப்பை வாங்கக் கையை நீட்டினான். "வேண்டாம், நானே வெச்சுக்கிறேன்" என்று சொல்லி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் அப்பாவைப் பிடித்தேன். நீட்டிய கையை அவன் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. அப்பா தடுமாறினார், விழவில்லை.

காட்சி சரியானதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. அதில் வரும் உணர்ச்சிச் சொற்களையெல்லாம் அடித்துவிடுங்கள். கைகள், பொருட்கள், பேசிய வார்த்தைகள் மட்டும் மிஞ்சட்டும். அப்போதும் யார் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறார் என்பது வெளியாளுக்குப் புரிகிறதா? புரிந்தால் காட்சி நிற்கும். "அவன் முகம் வாடியது" என்று சேர்த்தால்தான் புரியும் என்றால் வேறு காட்சி தேட வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டு வாக்கியத்தை எழுதுவது, அதன் வினையைக் கவனிப்பது

ஒவ்வொரு வீட்டிலும் பட்டத்துக்கென்று ஒரு வாக்கியம் இருக்கும். "அவ சமாளிச்சுக்குவா." "அவன் கோபக்காரன், நீதான் விட்டுக் கொடுக்கணும்." "இவனுக்கு விவரம் பத்தாது." உங்கள் வீட்டு வாக்கியத்தை, யார் சொல்வார்களோ அவர் சொன்ன பேச்சு வழக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வாக்கியம்: "அவன்கிட்ட கொடுக்காத, தொலைச்சிடுவான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று அந்த வினையைப் பாருங்கள். "தொலைச்சிடுவான்." தமிழில் இந்த வடிவம் எதிர்காலத்தைச் சொல்லும், வழக்கத்தையும் சொல்லும். இனி தொலைப்பான் என்பதும், எப்போதும் தொலைப்பவன் என்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. என்றோ ஒரு நாள் நடந்தது இந்த வடிவத்துக்குள் நுழைந்ததும் குணமாகிவிடுகிறது, அப்புறம் முன்னறிவிப்பாகவும் ஆகிவிடுகிறது. பட்டம் எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்று என்னைக் கேட்டால், இந்த வினை வடிவத்தில் என்பேன்.

அதனால் வரைவில் ஒரு வேலை செய்யுங்கள். "மறந்துவிடுவாள்", "கத்துவான்", "விட்டுக்கொடுப்பேன்" என்று வழக்கத்தைச் சொல்லும் எல்லா வினைகளையும் அடிக்கோடிடுங்கள். கூடவே "எப்போதும்", "சின்ன வயதிலிருந்தே", "வழக்கம்போல" என்பவற்றையும். ஒவ்வொன்றையும் இறந்த காலத்துக்கு மாற்றி, எப்போது என்று பக்கத்தில் எழுதுங்கள். "தொலைப்பான்" என்பது "தொலைத்தான்" ஆக வேண்டும். என் நான்கு பக்க வரைவில் இப்படிப் பதினேழு வினைகள் இருந்தன. அவற்றில் எனக்கு நாளும் பொருளும் சொல்ல முடிந்தவை மூன்று: வீட்டுச் சாவி, ஒரு குடை, பள்ளி அடையாள அட்டை. மூன்றுமே அவனுக்கு 11 வயது ஆவதற்கு முன் நடந்தவை. மீதிப் பதினான்கும் அம்மாவின் வாக்கியத்திலிருந்து நான் தயாரித்தவை.

உறவுச் சொல்லுக்கும் இதே ஆபத்து உண்டு. "தம்பி" என்று எழுதும் ஒவ்வொரு முறையும் நான் அக்காவாகத்தான் எழுதுகிறேன். முதல் வரைவிலாவது அந்த ஆளின் பெயரையே போட்டு எழுதிப் பாருங்கள். வெளியிடும்போது மாற்றிக்கொள்ளலாம். பெயர் போட்டதும் "அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுதக் கொஞ்சம் கூச்சம் வரும். அந்தக் கூச்சம் வேண்டும்.

மூன்றாம் படி: பட்டம் வீட்டுக்கு என்ன வேலை செய்தது

இங்கே பலர் எடுக்கும் குறுக்குவழி பிறந்த வரிசை. "மூத்தவள் என்பதால் பொறுப்பு, கடைக்குட்டி என்பதால் செல்லம்." பிறந்த வரிசை குணத்தை வடிவமைக்கிறது என்ற எண்ணத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர் பரப்பினார். 2015இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, பொறுப்புணர்வு, மன உறுதி, பிறரோடு பழகும் தன்மை போன்றவற்றில் பிறந்த வரிசையால் நிலையான வித்தியாசம் எதுவும் வருவதாகக் காணவில்லை. எழுதுபவருக்கு இது நல்ல செய்தி. "மூத்தவள் என்பதால்" என்று எழுதிவிட்டால் காரணம் தேடும் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. உண்மையான காரணம் உங்கள் வீட்டுக்கு மட்டுமே உரியதாக இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: அந்த வருடங்களில் வீட்டில் எது தட்டுப்பாடாக இருந்தது? நேரமா, பணமா, அமைதியா, கவனிப்பா? பட்டங்கள் பெரும்பாலும் அந்தத் தட்டுப்பாட்டைப் பங்கிடும் ஏற்பாடுகள். எங்கள் வீட்டில் தட்டுப்பாடு நேரம். அம்மாவுக்கு இரவு நேர வேலை, அப்பா வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். மாலை முழுவதும் வீட்டைத் தவறில்லாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. நான் அதுவானேன். குடும்பச் சிகிச்சையில் பெயர் பெற்ற சால்வடோர் மினுச்சின் இப்படிப் பெற்றோர் இடத்துக்கு நகர்த்தப்படும் பிள்ளையைப் 'பெற்றோர்க் குழந்தை' என்றார். அவர் அதைத் தானாகவே தீங்கு என்று சொல்லவில்லை. பொறுப்பு எதுவரை என்று தெளிவாகச் சொல்லி, பெரியவர்கள் தங்கள் இடத்தை விட்டுவிடாமல் இருந்தால் பிள்ளை அதைத் தாங்கும் என்பது அவர் கருத்து. எல்லை சொல்லப்படாதபோதுதான் சிக்கல். இதை எழுதும்போது பெற்றோரைக் குற்றவாளியாக்கும் ஆசை வரும். ஒரு பத்தி வரட்டும், மேலே போக வேண்டாம். கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல.

ஒருவர் தவறே செய்யாதவர் ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் தவறு செய்பவர் ஒருவர் தேவைப்படுகிறார். பட்டங்கள் ஜோடியாகத்தான் வரும். தொலைப்பவன் இல்லாமல் தேடிக் கொடுப்பவள் இல்லை.

நான்காம் படி: மூலக் காட்சி, இரண்டு குரலில்

இப்போது சின்ன வயதுக்குப் போகலாம். வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கும். எங்களுடையது சாவிக் கதை. அவனுக்கு 8 வயது, எனக்கு 12. அவன் வீட்டுச் சாவியைத் தொலைத்தான், அப்பா வரும்வரை வாசற்படியில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு அவனிடம் எதுவும் கொடுக்கப்படவில்லை.

இந்தக் காட்சியை இரண்டு தாளில் தனித்தனியாக எழுதுங்கள். முதல் தாளில் அன்றைய பிள்ளைக்குத் தெரிந்தது மட்டும். அன்று தெரியாத காரணம், பின்னால் வந்த புரிதல் எதுவும் உள்ளே வரக்கூடாது. இரண்டாவது தாளில் இன்றைய நீங்கள் அதைப் பார்த்துப் பேசுவது. முதலிலேயே இரண்டையும் கலந்தால், இன்றைய ஆள் அன்றைய பிள்ளையின் வாயில் விளக்கங்களைத் திணித்துவிடுவார்.

முதல் தாளை எழுதும்போது சின்னச் சின்ன நடைமுறைக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். பொருள் யார் கையில் இருந்தது? அதற்கு முன் எங்கே இருந்தது? யார் எங்கே நின்றார்கள்? நான் அப்படித்தான் போனேன். சாவி அவனிடம் இருந்தது. அதற்கு முன்? வழக்கமாக அது என் கழுத்தில் கயிற்றில் தொங்கும். அப்படியானால் அன்று அவனிடம் எப்படிப் போனது? பேனா அங்கேதான் நின்றது. கயிறு கட்டி விளையாடிக்கொண்டிருந்தோம், குதிக்கும்போது சாவி நெஞ்சில் இடித்தது. நான்தான் கழற்றி "பிடிடா" என்று அவன் கையில் கொடுத்தேன். 35 வருடமாக இந்தக் கதையை நானும் சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு வரியை விட்டுவிட்டு.

எல்லோருக்கும் இப்படி ஒன்று கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக் கதைகளில் பெரும்பாலும் முதல் அரை நிமிடம் வெட்டப்பட்டிருக்கும். அந்த அரை நிமிடத்தைத் தேடுங்கள். ஞாபகம் வராவிட்டால் கற்பனையால் நிரப்ப வேண்டாம். "இங்கே எனக்கு ஞாபகம் இல்லை" என்று எழுதினாலே போதும்.

ஐந்தாம் படி: பட்டத்தால் உங்களுக்குக் கிடைத்தது

எழுதுபவர்கள் தாண்டிப் போகும் பகுதி இது. பட்டத்தால் பட்ட கஷ்டம் வரைவில் தாராளமாக இருக்கும். கிடைத்த லாபம் இருக்காது. பொறுப்பானவள் என்ற பட்டம் எனக்குத் தந்ததை ஒரு பத்தியாக எழுத மூன்று நாள் ஆனது. அம்மா என்னிடம் மட்டும் வீட்டுக் கணக்கைப் பேசினாள். என் முடிவுகளை யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. அப்பாவின் கோப்பு என் கையில் இருக்கும்வரை மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் பேசுவார். இதை எழுதிய பிறகுதான் வண்டிக் காட்சி எனக்கே புரிந்தது. கோப்பு தொலைந்துவிடும் என்று நான் பயப்படவில்லை.

செல்லப் பிள்ளை, சாது, கலகக்காரி என்று உங்கள் பட்டம் எதுவானாலும் அதில் ஒரு வசதி இருக்கும். உதவாக்கரை என்று பெயர் வாங்கியவருக்குக்கூட, யாரும் எதையும் எதிர்பார்க்காத சுதந்திரம் கிடைத்திருக்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். உடன்பிறந்தவர் உங்களை அடித்தார், மிரட்டினார், உடலளவில் தீங்கு செய்தார் என்றால் இந்தப் படியும் அடுத்த இரண்டும் உங்களுக்கானவை அல்ல. அங்கே "இருவரும் சேர்ந்து சுமந்த பட்டம்" என்று எழுதுவது பொய்யாகிவிடும். வரைவை அவரிடம் காட்ட வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

ஆறாம் படி: உடன்பிறந்தவரை வீட்டுக்கு வெளியே காட்டுவது

பட்டம் வீட்டுக்குள்தான் செல்லுபடியாகும். வெளியே அதே ஆள் வேறு மாதிரி இருப்பார், அதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகத்தான் கிடைக்கும். தெரிந்ததை வைத்து ஒரு பத்தியாவது எழுதுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். "உன் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று நான் அவனை முதன்முறையாகக் கேட்டது இந்தக் கட்டுரைக்காகத்தான்.

அவன் அறுவைச் சிகிச்சை அரங்கில் வேலை செய்கிறான். சிகிச்சை தொடங்கும் முன் பஞ்சுத் துணிகள், ஊசிகள், கருவிகள் எல்லாவற்றையும் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு எண்ணி எழுதிவைப்பார்கள். உடலை மூடத் தொடங்கும் முன் மறுபடி எண்ணுவார்கள், கடைசியாகத் தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை. ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். உள்ளே எதுவும் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவனுடைய வேலை.

இப்படி ஒன்று கிடைத்ததும் அதைக் கட்டுரையின் உச்சியில் வைத்து, "தொலைப்பவன் என்று நாங்கள் சொன்னவன்" என்று முரணை மின்னவிடத் தோன்றும். நானும் இரண்டாவது வரைவில் அப்படித்தான் செய்தேன். அது அவனை வேறொரு பட்டத்துக்கு மாற்றிவிட்டது, அவ்வளவுதான். பிறகு அந்தப் பத்தியை நடுவில், கருத்து எதுவும் சொல்லாமல், அவன் விளக்கிய வரிசையிலேயே வைத்தேன். வாசகர் தானாகவே கோப்பையும் கையையும் நினைத்துக்கொள்வார்.

ஏழாம் படி: வரைவைக் காட்டுவது

வெளியிடும் எண்ணம் இருந்தால், முடிவு செய்யும் முன் காட்டுங்கள். "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள்; அவர் தன் பட்டத்துக்கு ஏற்றபடிதான் பதில் சொல்வார். சாது "நல்லாருக்கு" என்பார், கோபக்காரர் கோபப்படுவார். நான் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இதில் நடந்தது நடந்தபடி இல்லாத இடம் எது? உன்னுடைய விஷயம் என்று நீ நினைக்கிற, நான் சொல்லக்கூடாத இடம் எது? இரண்டாவதுக்கு அவர் காட்டும் இடத்தை வாதம் இல்லாமல் எடுத்துவிடுங்கள். முதலாவதுக்கு வரும் பதிலை வைத்து உங்கள் ஞாபகத்தைத் திருத்த வேண்டியதில்லை, இரண்டு ஞாபகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

அவன் ஒரு வாரம் கழித்துத்தான் கூப்பிட்டான். சாவி பற்றி நான் கண்டுபிடித்ததைச் சொன்னால் அவனுக்கு ஏதோ ஒன்று நிவர்த்தியாகும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அந்த ராத்திரி அவனுக்கு ஒரு கஷ்டமாகவே ஞாபகம் இல்லை. படியில் என் மடியில் தலை வைத்துத் தூங்கியது மட்டும் ஞாபகம் இருந்தது. அவனுக்கு வலித்தது வேறொன்று. ஆறாம் வகுப்பில் சுற்றுலா போகும் நாளில் நான் அவன் வகுப்பறைக்குள் வந்து, எல்லோர் முன்னாலும், பணம் பத்திரமாக இருக்கிறதா என்று அவன் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்தேனாம். எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. நான் மூலக் காட்சி என்று நினைத்தது என்னுடையது மட்டும்தான். அவனுக்கென்று தனியாக ஒன்று இருந்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்தால், உங்கள் காட்சியைத் தூக்கி எறிய வேண்டாம். அவருடையதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, உங்கள் விளக்கம் எதுவும் இல்லாமல் சேர்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: நிறுத்தும் இடம்

உறவு சரியாகிவிட்டது என்று முடிக்க வேண்டாம். அநேகமாக அது சரியாகியிருக்காது. தொடங்கிய காட்சிக்கே திரும்பி, முதல் முறை விட்டுப்போன ஒரு விவரத்தோடு நிறுத்துவது எனக்குச் சரியாக வந்தது. இதோ இரண்டு வடிவமும்.

முந்தைய வரைவு ஒன்றின் முடிவு: "அன்று நீட்டிய அந்தக் கையை நான் பற்றியிருக்க வேண்டும். இனிமேல் பற்றுவேன்."

ஐந்தாவது வரைவின் முடிவு: "வீட்டுக்குள் போனதும் கோப்பை மேசையில் வைத்தேன். அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று அப்பா கேட்டார். நான் கோப்பைத் திறந்து தேடிக்கொண்டிருந்தபோது அவன் சமையலறையிலிருந்து, 'எட்டரைக்கு, அக்கா. சாப்பிட்டதுக்கப்புறம்' என்றான். அவன் அந்தச் சீட்டை மருத்துவமனையிலேயே படித்திருந்தான்."

முதல் வடிவத்தில் மறுபடியும் நான்தான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். பட்டம் அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் அவன் பேசுகிறான், நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வரி சேர்க்க எனக்குக் கை போனது. சேர்க்கவில்லை.